இன்வொய்ஸின் அடியில் கிடக்கும் அந்தச் சின்ன எழுத்து

புறக்கோட்டையில் மொத்தக்கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒரு முதலாளி இன்வொய்ஸ் ஒன்றை என் மேசையில் வைத்து, அதன் அடியில் விரலை ஊன்றுவார். "இதுல தெளிவாப் போட்டிருக்குத்தானே தம்பி? ஏழு நாளைக்குப் பிறகு முறைப்பாடு எடுக்க மாட்டோம். காசு முழுக்கக் கட்டும் வரைக்கும் சாமான் எங்கட. பிந்தினா மாசம் ரெண்டு வீதம் வட்டி. பிறகென்ன கதை?"

வாங்கியவர் பக்கம் போனால் கதை தலைகீழாக இருக்கும். "அது எல்லாப் பில்லுலயும் சும்மா அடிக்கிறதுதானே அண்ணை. பிரிண்ட் பண்ணுற ஆளே போட்டுக் குடுத்திருப்பான்." இந்த இரண்டாவது பேச்சில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பல கடைகளின் இன்வொய்ஸ் புத்தகத்தில் இருக்கும் நிபந்தனைகள், அச்சகத்தில் ஏற்கெனவே இருந்த இன்னொருவருடைய மாதிரியிலிருந்து வந்தவை. ஒரு முறை மட்பாண்டக் கடை ஒன்றின் பில்லில் "வெட்டிய துணி திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டு தரப்பும் பாதி சரி, பாதி பிழை. அந்த மூன்று வரிகளும் வேலை செய்யக்கூடியவைதான். ஆனால் எப்போது வேலை செய்யும், எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது கடைத்தெருவில் பேசிக்கொள்வது போல இல்லை. அண்மையில் என் கையால் கடந்துபோன ஒரு விவகாரத்தை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

## விவகாரம் இதுதான்

விற்றவர் கெய்சர் வீதியில் துணி மொத்த வியாபாரி. வாங்கியவர் கொட்டாஞ்சேனையில் பாடசாலைச் சீருடை தைக்கும் சின்னப் பட்டறைக்காரர். மார்ச் 1 ஆம் திகதி தொலைபேசியில் பேசினார்கள்: வெள்ளைச் சட்டைத்துணி 12 ரோல், ஒவ்வொன்றும் 50 மீற்றர், மீற்றர் 1,000 ரூபாய், 30 நாள் கடன். மொத்தம் 600,000 ரூபாய். கணக்கு விளங்கவேண்டும் என்பதற்காக வரியை இதற்குள்ளேயே சேர்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 3 ஆம் திகதி லொறி வந்தது. நாட்டாமிமார் ரோல்களை இறக்கி அடுக்கினார்கள். கடைப் பொடியன் இன்வொய்ஸில் ரப்பர் முத்திரை குத்திக் கையெழுத்து வைத்தான். ரோல்கள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. மார்ச் 18 ஆம் திகதிதான் வெட்டுவதற்குப் பிரித்தார்கள். இரண்டு ரோல் மற்றப் பத்தோடு ஒத்துவரவில்லை. வெள்ளைதான், ஆனால் இலேசான மஞ்சள் வெள்ளை. அதில் ஒரு ரோலை ஏற்கெனவே வெட்டியும் விட்டார்கள்.

பட்டறைக்காரர் கோபத்தில் முழுப் பணத்தையும் நிறுத்திவிட்டார். மொத்த வியாபாரி இன்வொய்ஸை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

## முதலில் கேட்கவேண்டியது: அந்த வரி எப்போது வந்தது?

வெள்ளவத்தையில் ஓட்டோ ஒன்றில் ஏறுகிறீர்கள். கோட்டைக்குப் போக 800 ரூபாய் என்று பேசியாயிற்று. இறங்கும்போது சாரதி ஒரு அட்டையைக் காட்டி, "மழை பெய்தால் 200 ரூபாய் கூட, இதில் எழுதியிருக்கு" என்றால் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். பேச்சு முடிந்த பிறகு அட்டை வந்தது என்பதுதான் உங்கள் பதில். சட்டத்தின் பதிலும் ஏறத்தாழ அதுதான்.

ஒப்பந்தம் என்பது ஒருவர் இன்னதை இன்ன விலைக்குத் தருகிறேன் என்று சொல்ல, மற்றவர் சரி என்று ஏற்றுக்கொள்ளும் அந்தக் கணத்தில் உருவாவது. வாய்ப்பேச்சிலும் அது உருவாகலாம். நம் விவகாரத்தில் அது மார்ச் 1 ஆம் திகதி தொலைபேசியில் உருவாகிவிட்டது. இன்வொய்ஸ் வந்தது 3 ஆம் திகதி. அதாவது, நடந்து முடிந்த விற்பனைக்கான கணக்குச் சீட்டு அது. முடிந்த பேச்சுக்குள் ஒரு தரப்பு மட்டும் பின்னாலிருந்து புதிய நிபந்தனை ஒன்றைச் செருக முடியாது.

இதற்குச் சட்ட மாணவர்கள் எல்லாரும் படிக்கும் ஆங்கிலத் தீர்ப்பு ஒன்று 1949 இல் வந்தது. ஒரு ஹோட்டலில் தங்கிய பெண்ணின் அறையிலிருந்து உடைமைகள் களவுபோயின. அறைக்குள் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டி, களவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது ஹோட்டல். அறைக்குப் போவதற்கு முன்பே, வரவேற்பு மேசையிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, எனவே அறைக்குள் இருந்த அறிவிப்பு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. இன்வொய்ஸின் அடியெழுத்தும் பல சமயம் அந்த அறைக்குள் ஒட்டிய அறிவிப்புப் போலத்தான்.

அப்படியானால் அந்த வரிகளுக்கு உயிரே இல்லையா? இருக்கிறது, ஆனால் அவை முன்வாசலால் வந்திருக்கவேண்டும். மிகப் பலமான வழி, கடன் வாடிக்கையாளராகச் சேர்க்கும்போதே நிபந்தனைகள் அடங்கிய ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவது. வாசித்தாரோ இல்லையோ, கையெழுத்து வைத்தவரை அது பெரும்பாலும் கட்டும். அடுத்தது, ஓர்டர் உறுதி செய்யும்போது, சாமான் கிளம்பும் முன், நிபந்தனைகளை அனுப்புவது. வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணு கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், மின்னணு வடிவில் இருப்பதாலேயே ஒரு பதிவு செல்லாது என்று ஆகாதபடி செய்திருக்கிறது.

மூன்றாவது வழி கொஞ்சம் வழுக்கலானது. அதுதான் பழக்க வழி. இரண்டு பேரும் ஆண்டுக்கணக்காக ஒரே மாதிரி வியாபாரம் செய்து, ஒவ்வொரு முறையும் அதே நிபந்தனைகளோடு இன்வொய்ஸ் வந்து, மற்றவர் ஒருமுறையும் மறுக்கவில்லை என்றால், அடுத்த விற்பனையும் அதே நிபந்தனைகளில்தான் பேசப்பட்டது என்று வாதாடலாம். நம் மொத்த வியாபாரிக்கு இருந்த ஒரே பிடி இதுதான்: இரண்டு ஆண்டு, ஏறக்குறைய மாதம் ஒரு இன்வொய்ஸ். பிடிதான், ஆனால் இறுக்கமான பிடி என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அந்த இரண்டு ஆண்டில் ஒருமுறைகூட அவர் வட்டி கேட்டதில்லை. ஒருமுறை 20 நாள் கழித்து வந்த முறைப்பாட்டுக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். அச்சில் ஒன்றும் நடப்பில் வேறொன்றுமாக இருந்தால், நடப்பைத்தான் மற்றவர் எடுத்துக் காட்டுவார்.

கடைப் பொடியனின் கையெழுத்து? "சாமான் கிடைத்தது" என்பதற்கு அது சாட்சி. நிபந்தனைகளை முதலாளி ஏற்றுக்கொண்டார் என்பதற்குச் சாட்சி என்று சொல்வது கடினம்.

இதுவரை வந்த சாரம்: விற்பனை பேசி முடிவதற்கு முன் தெரிந்த நிபந்தனைதான் கட்டும். இன்வொய்ஸ் பெரும்பாலும் பேசி முடிந்த பிறகு வருவது. எனவே இன்வொய்ஸில் மட்டும் இருக்கும் வரி பலவீனமானது. ஓர்டரிலும் கடன் படிவத்திலும் இருந்து, இன்வொய்ஸில் நினைவூட்டலாக மறுபடி வரும் வரியே பலமானது.

## ஏழு நாள் ஆட்சேபம்

சந்தையில் மாம்பழம் வாங்கினால் அங்கேயே முகர்ந்து, அழுத்திப் பார்த்து எடுப்போம். இளநீரை வெட்டிய பிறகுதான் உள்ளே தெரியும். குறைகளும் இந்த இரண்டு வகைதான். எண்ணிக்கை குறைவு, நனைந்த பொதி, வேறு நிறம் போன்றவை பார்த்தவுடன் தெரியும். சில குறைகள் பாவிக்கத் தொடங்கும்போதுதான் தெரியும்.

ஆட்சேபக் காலம் என்பது, சாமான் கிடைத்த நாளிலிருந்து குறை சொல்லுவதற்கு விற்பவர் வைக்கும் எல்லை. அந்த எல்லையை யாரும் பேசாவிட்டாலும் சட்டத்தில் ஒன்று உண்டு. இலங்கையில் பொருள் விற்பனையை இன்றும் ஆள்வது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம். ஆங்கிலேயரின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதியது. அதன்படி வாங்கியவருக்குச் சாமானைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு இருக்கவேண்டும். அதற்குப் பிறகு மூன்று வழியில் அவர் அதை "ஏற்றுக்கொண்டவர்" ஆகிவிடுவார்: ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னால்; சொந்தக்காரர் மட்டும் செய்யக்கூடிய ஒன்றை அதில் செய்தால்; மறுக்கிறேன் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால்.

துணிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ரோலில் கத்தரி வைப்பது இரண்டாவது வகை. வெட்டிய துணியை இனி விற்றவர் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. எனவே வெட்டிய ரோலைத் "திருப்பி எடு" என்ற பேச்சு அந்த வெட்டோடு முடிந்துவிட்டது.

ஆனால் இங்கேதான் பலரும் தவறவிடும் இடம். ஏற்றுக்கொண்டதால் போவது திருப்பிக் கொடுக்கும் உரிமை மட்டும். குறையான சாமான் தந்ததற்கு நட்டம் கேட்கும் உரிமை, அதாவது விலையில் கழிக்கச் சொல்லும் உரிமை, அதனாலேயே போய்விடாது. "7 நாளுக்குப் பிறகு எந்த முறைப்பாடும் ஏற்கப்படாது" என்ற வரி உண்மையில் செய்யப் பார்ப்பது அந்த இரண்டாவது உரிமையையும் மூடுவதைத்தான். சட்டம் தானாகக் கொடுக்கும் ஒன்றை மூடுவதால், அது முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டதா என்ற கேள்வி இந்த வரிக்குத்தான் அதிகம் எழும்.

பட்டறைக்காரரிடம் நான் சொன்னது வேறு. ஏழு நாள் கட்டுமா இல்லையா என்ற வாதத்துக்குப் போகும் நிலைக்கே வந்திருக்கத் தேவையில்லை. துணி வந்த அன்றே ஒவ்வொரு ரோலின் ஓரத்திலும் ஒரு சாண் வெட்டி, ரோல் இலக்கத்தைப் பேனையால் எழுதி, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கவேண்டும். டியூப் லைட்டுக்குக் கீழே இரண்டு வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரியும். பட்டறையில் பல அடுக்காக விரித்து ஒரே வெட்டாக வெட்டுவதால், ஒரு ரோலின் கையும் இன்னொரு ரோலின் உடம்பும் ஒரே சட்டையில் சேரக்கூடும். நிற வித்தியாசம் தைத்த பிறகு வெயிலில் நிற்கும் பிள்ளையின் மேல்தான் தெரியவரும். பரிசோதனைக்காக ஒரு சாண் வெட்டுவதை யாரும் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பரிசோதிக்கத்தானே வாய்ப்பு.

குறை கண்டால் தொலைபேசியில் கத்துவது முறைப்பாடு ஆகாது. இன்வொய்ஸ் இலக்கம், ரோல் இலக்கம், எத்தனை மீற்றர், என்ன குறை, படம், "வெட்டாமல் வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள்" என்று ஒரு வரி. இவ்வளவும் ஒரே செய்தியில் போகவேண்டும். திகதி தானாகவே பதிந்துவிடும்.

இன்னொன்று: குறை 2 ரோலில். 100,000 ரூபாய்க்குத்தான் தகராறு. மீதி 500,000 ரூபாய்க்கு ஒரு தகராறும் இல்லை. அதையும் சேர்த்து நிறுத்தியதுதான் பட்டறைக்காரர் செய்த பெரிய பிழை. அது ஏன் என்பது வட்டிக்கு வரும்போது தெரியும்.

## "காசு கட்டும் வரை சாமான் எங்கட"

மூன்று வரியிலும் அதிகம் நம்பப்படுவதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். கேட்பதற்கு அடகுக்கடை போல இருக்கிறது. செட்டியார் தெருவில் நகையை வைத்தால், காசு கட்டும் வரை நகை அவர்களுடைய பெட்டகத்தில் இருக்கும். இங்கே அப்படி இல்லை. சாமான் வாங்கியவரின் கடைக்குள் இருக்கிறது. விற்றவரிடம் இருப்பது ஒரு வாசகம் மட்டும்.

முதலில் அந்த வாசகம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். எந்தப் பொருள் என்று குறிப்பாகத் தெரிந்து, கொடுக்கத் தயாராகவும் இருந்தால், உரிமை ஒப்பந்தம் முடிந்த உடனேயே வாங்கியவருக்கு மாறிவிடும். காசு பிறகு, சாமான் பிறகு என்று பேசியிருந்தாலும் அப்படித்தான். கடனுக்கு விற்ற துணி காசு வரும் முன்பே வாங்கியவருடையது என்பது பல முதலாளிமாருக்கு அதிர்ச்சியான செய்தி. அதைத் தடுக்கத்தான் இந்த வரி. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் உரிமை எப்போது மாறும் என்பதை அவர்களே தீர்மானிக்கலாம், கட்டளைச்சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. இதை உரிமை நிறுத்திவைப்பு என்று சொல்லலாம்.

இங்கிலாந்தில் 1976 இல் வந்த தீர்ப்பு ஒன்றுக்குப் பிறகுதான் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றும் இடங்களில் இந்த வரி பேர்பெற்றது. நெதர்லாந்து நிறுவனம் ஒன்று அலுமினியத் தகடு விற்றது, வாங்கிய ரொமால்பா என்ற நிறுவனம் முறிந்துபோனது. மற்றக் கடன்காரர் எல்லாம் வரிசையில் நிற்க, எஞ்சியிருந்த தகடு எங்களுடையது என்று விற்றவர் எடுத்துக்கொண்டார். அதனால் சட்டத்தரணிமார் இந்த வரியை இன்றும் ரொமால்பா வாசகம் என்பார்கள். இதன் உண்மையான பயன் அதுதான்: வாங்கியவர் முறிந்துபோகும் நாளில் வரிசைக்கு வெளியே நிற்க விடுவது. மாதக்கடைசியில் காசு பிந்துகிற ஆளை மிரட்டுவதற்கு அது செய்த ஆயுதம் இல்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் வந்த இன்னொரு தீர்ப்பு எல்லையையும் காட்டியது. பலகை செய்யும் ஒருவருக்குப் பிசின் விற்றவர், காசு வராததால் பலகையில் உரிமை கேட்டார். பிசின் மரத்தூளோடு கலந்து பலகையான பின் பிசின் என்று ஒன்று இல்லை, இல்லாத பொருளில் உரிமையும் இல்லை என்று முடிந்தது. சீருடைத் துணிக்கும் இதே கேள்விதான். ரோலாக நிற்கும் வரை அது மொத்த வியாபாரியின் துணி. வெட்டி, பொத்தான் வைத்து, பாடசாலை இலச்சினை தைத்த பின் அது சட்டை. சட்டையில் எந்தப் பகுதி உங்களுடையது என்று கேட்டால் சொல்ல முடியாது.

விற்றுப்போன சட்டையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சொந்தக்காரரின் சம்மதத்தோடு சாமானை வைத்திருக்கும் ஒரு வாங்குநரிடமிருந்து, விஷயம் தெரியாமல் நல்ல நம்பிக்கையில் வாங்கியவருக்கு நல்ல உரிமை கிடைத்துவிடும். கொட்டாஞ்சேனையில் பிள்ளைக்குச் சட்டை வாங்கிய தாயிடம் போய் ஒருவரும் கேட்க முடியாது.

அடையாளம் இன்னொரு சிக்கல். பட்டறையில் நின்ற ரோல்களில் எது மார்ச் இன்வொய்ஸ், எது காசு கட்டி முடித்த ஜனவரி இன்வொய்ஸ்? அன்றைக்கு ரோல் நுனியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். தரம், அகலம் 58 அங்குலம், நீளம், எல்லாம் இருந்தது. இன்வொய்ஸில் ரோல் இலக்கம் மட்டும் இல்லை. "12 ரோல் வெள்ளை" என்று மட்டும் இருந்தது. எது உங்களுடையது என்று காட்ட முடியாதவருக்கு உரிமை இருந்தும் பயனில்லை.

"எங்கட சாமான்தானே, லொறியைக் கொண்டுபோய் ஏத்திட்டு வந்தா?" என்று கேட்டார் முதலாளி. வேண்டாம் என்றேன். உரிமை இருப்பது ஒன்று, இன்னொருவரின் பூட்டிய கடைக்குள் அனுமதியில்லாமல் நுழைவது இன்னொன்று. அவர் தானாகத் திறந்துவிட்டு எடுத்துப்போங்கள் என்றால் சரி. மறுத்தால் நீதிமன்றம்தான் வழி. இல்லாவிட்டால் காசு கேட்கப் போனவர் பொலிஸ் முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லவேண்டி வரும்.

கடைசியாக, இந்த வரியின் பின்பக்கம். பேசாத இடத்தில், நட்டம் உரிமையோடுதான் போகும் என்பது கட்டளைச்சட்டத்தின் பொது விதி. உரிமை உங்களிடமே இருந்தால், பட்டறை தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் துணி போனது யாருக்கு? உரிமையை மட்டும் பிடித்துவைத்து, ஆபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாத வரி விற்றவரின் தலையிலேயே விழக்கூடும். அதனால்தான் சரியாக எழுதிய வாசகத்தில் "சாமான் ஒப்படைத்த உடன் இழப்பு, சேதம் பற்றிய பொறுப்பு வாங்கியவருடையது" என்ற இன்னொரு துண்டு சேர்ந்தே வரும். நான் பார்த்த புறக்கோட்டை இன்வொய்ஸ்களில் அந்தத் துண்டு இருப்பவை குறைவு.

சுருக்கமாக: இந்த வரி முழுசாக, அடையாளம் தெரியும்படி, வாங்கியவரிடமே இருக்கும் சாமானுக்குத்தான். வெட்டிய, கலந்த, விற்ற சாமானுக்கு இல்லை. பலம் தெரிவது வாங்கியவர் முறியும்போது.

## மாதம் இரண்டு வீதம்

வட்டிக்கு வருவோம். இங்கேதான் கணக்கு எழுதுகிறவனுக்கு வேலை.

மார்ச் 3 இலிருந்து 30 நாள் என்றால் ஏப்ரல் 2 கடைசி நாள். தகராறில்லாத 500,000 ரூபாய் அன்றைக்கு வந்திருக்கவேண்டும். வந்தது எப்படியென்றால், 30 நாள் பிந்தி மே 2 இல் 200,000, இன்னும் 30 நாள் கழித்து ஜூன் 1 இல் 300,000. 30 நாளை ஒரு மாதம் என்று எடுத்தால், முதல் மாத வட்டி 500,000 இன் 2 வீதம், 10,000 ரூபாய். இரண்டாம் மாதம் மிச்சம் 300,000, வட்டி 6,000. மொத்தம் 16,000 ரூபாய்.

முதலாளி போட்டுக்கொண்டு வந்த கணக்கு 16,200. இருநூறு ரூபாய் எங்கிருந்து வந்தது? மே 2 இல் வந்த 200,000 இல் முதலில் 10,000 ஐ வட்டிக்குக் கழித்து, 190,000 ஐ மட்டும் கடன் தொகையிலிருந்து கழித்திருந்தார். மிச்சம் 310,000, அதற்கு 2 வீதம் 6,200. இது பிழையான கணக்கு இல்லை. பகுதிக் கட்டணம் முதலில் வட்டிக்கா முதலுக்கா என்று பேசாத இடத்தில் வட்டிக்கு முதலில் என்பதுதான் பழைய வழக்கம். ஆனால் இன்வொய்ஸில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை, பட்டறைக்காரரின் வங்கிச் சீட்டில் "இன்வொய்ஸ் முதலுக்கு" என்று எழுதியிருந்தது. அதனால் 16,000 என்று நான் வைத்தேன்.

வட்டிக்கு வட்டி போடுவது தனிக் கேள்வி. 500,000 ரூபாய் ஒரு ஆண்டு முழுக்க நின்றால், மாதம் 2 வீதத் தனிவட்டி 120,000. வட்டியை மாதாமாதம் முதலோடு சேர்த்துக் கூட்டுவட்டி போட்டால் ஏறக்குறைய 134,100. "மாதம் 2 வீதம்" என்று மட்டும் எழுதியவர் தனிவட்டியைத்தான் கேட்கமுடியும். கூட்டுவட்டி வேண்டுமென்றால் அதை எழுதி ஒப்புக்கொள்ள வைத்திருக்கவேண்டும்.

உச்சவரம்பும் உண்டு. ரோமன்-டச்சுச் சட்ட மரபிலிருந்து இலங்கைக்கு வந்த விதி ஒன்று, நிலுவை வட்டி முதலை விட அதிகமாகக்கூடாது என்கிறது. 500,000 கடனுக்கு 500,000 வரைதான் வட்டி. மாதம் 2 வீதத்தில் அது 50 மாதத்தில் நிறைந்துவிடும்.

வட்டி வீதம் ஒப்புக்கொள்ளப்படவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், வழக்குப் போட்டால் நீதிமன்றம் சட்டப்படியான வட்டியைக் கொடுக்கும். ஆகவே பட்டறைக்காரர் "வட்டி கேட்கவே முடியாது" என்றதும் பிழை. தகராறில்லாத 500,000 ஐயும் சேர்த்து நிறுத்தியதால்தான் ஏப்ரல் 2 இற்குப் பிறகு வட்டி ஓடத் தொடங்கியது. 100,000 ஐ மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஏப்ரல் 2 இல் கட்டியிருந்தால் அந்த 16,000 பற்றிய பேச்சே வந்திராது, குறையைப் பற்றிப் பேசும்போது அவர் பக்கமும் பலமாக இருந்திருக்கும்.

## வட்டி ஓடுகிறது என்று தூங்கியவர்கள்

"வட்டிதானே ஓடிக்கிட்டிருக்கு, மெதுவா வரட்டும்" என்று இருக்கும் முதலாளிமாரிடம் நான் ஒரு திகதியைக் கேட்பேன். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச்சட்டத்தின்படி, விற்று ஒப்படைத்த சாமானுக்கான காசு, கடைப் பில், கொப்பிக் கடன் ஆகியவற்றுக்கு வழக்குப் போடவேண்டிய காலம் கடன் கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு ஆண்டு. எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வரும் கோரிக்கைக்கு ஆறு ஆண்டு.

வித்தியாசத்தைப் பாருங்கள். தொலைபேசியில் பேசி, இன்வொய்ஸ் மட்டும் போன விற்பனை ஒரு ஆண்டுக்குள் விழும் அபாயம் உள்ளது. இரு தரப்பும் கையெழுத்திட்ட கடன் ஒப்பந்தம் இருந்தால் ஆறு ஆண்டு என்று வாதாட இடம் உண்டு. ஒரு காகிதம் செய்யும் வேலை இது. இடையில் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ பகுதிப் பணம் கட்டினாலோ அதைக் காட்டி அந்தக் காலத்தைப் புதிதாக எண்ண முடியும். அதனால்தான் அனுபவமுள்ள கடைக்காரர் ஆண்டு முடிவதற்கு முன் "உங்கள் கணக்கில் இவ்வளவு நிலுவை, சரிதானே?" என்று அனுப்பி, "சரி" என்ற பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்வார். முகம் முறியாமல் கடனை உயிரோடு வைத்திருக்கும் வழி அது.

பல இன்வொய்ஸ்களின் மூலையில் இருக்கும் "ஈ அன்ட் ஓ ஈ" என்ற எழுத்துகளையும் பலர் கேட்பார்கள். பிழைகள், விடுபட்டவை தவிர என்று அர்த்தம். கணக்கில் ஒரு பூச்சியம் விட்டுப்போனால் திருத்தும் உரிமையை வைத்துக்கொள்வதற்காகப் போடுவது. அவ்வளவுதான், அதற்குள் வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

## கடைசியில் என்ன ஆனது

இருவரையும் ஒரு மாலை என் அறையில் உட்கார வைத்தேன். பிளேன்டீ வந்து ஆறியதுதான் மிச்சம், முதல் அரை மணி நேரம் இருவரும் இன்வொய்ஸைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். வெட்டாத ரோலை மொத்த வியாபாரி திருப்பி எடுத்து 50,000 ரூபாய்க்கு வரவுச் சீட்டு கொடுத்தார். வெட்டிய ரோலைப் பட்டறைக்காரர் வைத்துக்கொண்டு, அதற்கு முழு விலையும் கட்டினார். அந்தத் துணியைச் சின்னப் பிள்ளைகளின் சட்டைக் காலருக்கு உள்பக்கத்துக்குப் பாவிக்கலாம் என்று அவரே வழி கண்டுபிடித்திருந்தார். 16,000 வட்டியில் பாதியை வாங்கிக்கொண்டு, மிச்சத்தை முதலாளி விட்டார். "ரெண்டு வருசப் பழக்கம் தம்பி" என்றார். சட்டப் புத்தகத்தில் அந்தக் காரணம் இல்லை, புறக்கோட்டையில் உண்டு.

போகும் முன் அவருடைய இன்வொய்ஸ் புத்தகத்தின் அடுத்த அச்சுக்கு மாதிரி கேட்டார். இன்வொய்ஸின் அடியை அப்படியே விட்டுவிட்டு, வேறு இரண்டு வேலை கொடுத்தேன். கடன் வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஒரு பக்கப் படிவம்: வெளியே தெரியும் குறைக்கு 7 நாள், வெட்டும்போது தெரியும் குறைக்கு 21 நாள், வெட்டிய துணி திருப்பி எடுப்பதில்லை, உரிமை காசு கட்டும் வரை விற்றவருக்கு, சேதப் பொறுப்பு ஒப்படைத்த நேரம் முதல் வாங்கியவருக்கு, பிந்தினால் மாதம் 2 வீதத் தனிவட்டி, தகராறில் உள்ள பகுதிக்கு அது தீரும் வரை வட்டி இல்லை. கீழே திகதியும் இரண்டு கையெழுத்தும். இரண்டாவது, இன்வொய்ஸில் ஒவ்வொரு ரோலின் இலக்கத்தையும் எழுத ஒரு நிரல். "அது எழுத ஒரு பொடியன் வேணுமே" என்று முணுமுணுத்தார். அடுத்த மாதம் நான் போனபோது அந்த நிரல் பாதி நிரம்பியிருந்தது.